மூன்று சுவெட்டர்களும் அவற்றின் உள்தையலில் இருந்த லேபல்களும்

கடந்த மே மாதக் கடைசியில், தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பாக, அம்மாவுக்கு ஒரு சுவெட்டர் வாங்குவதற்காக நுவரெலியா நகரில் குளிர் உடுப்பு விற்கும் கடைவரிசைக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு வயது 67. நானுஓயாவுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறார். கொழுந்து பறிப்பதை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. விடியற்காலையில் விறகு அடுப்பை மூட்டி அதன் முன்னால் உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் மட்டும் விடவில்லை. உடுப்புகளைப் பீலியில்தான் துவைப்பார். மழைக்காலத்தில் அவற்றை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் காயப்போடுவார். எந்தச் சுவெட்டரை வாங்குவது என்ற கேள்விக்கு இந்த மூன்று விடயங்களும்தான் அளவுகோல் என்பதை நான் கடைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டேன்.

நான் பல வருடங்கள் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தவள். ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய உடுப்புகள் உள்ளூர்க் கடைக்கு வரும்போது கழுத்தில் இருக்கும் பெயர் லேபல் பெரும்பாலும் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கும். ஆனால் இடது பக்க உள்தையலில், இடுப்புக்குச் சற்று மேலே மடித்துத் தைத்த சிறிய வெள்ளை நாடா பல உடுப்புகளில் அப்படியே இருக்கும். வாங்குகிறவருக்குத் தேவையான விடயம் அந்த நாடாவில்தான் உண்டு. நூலின் கலவை ஒரு பக்கத்திலும் பராமரிப்புக் குறிகள் மறுபக்கத்திலுமாக இருக்கும்.

கடைக்காரர் மூன்று சுவெட்டர்களை எடுத்துப் போட்டு, "எல்லாம் கம்பளிதான் அக்கா" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. நம் பேச்சில் குளிருக்குப் போடும் தடித்த உடுப்பு எதையும் கம்பளி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கொழுந்துக்காட்டில் மழைக்குத் தலையில் போட்டுக்கொண்ட கம்பளியிலிருந்து அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. ஆனால் மூன்றின் நாடாவையும் புரட்டிப் பார்த்தபோது ஆட்டு மயிர் ஒன்றில் மட்டுமே இருந்தது. முதலாவதில் 100% அக்ரிலிக் என்றிருந்தது. இரண்டாவதில் 80% கம்பளி, 20% பொலியமைட். மூன்றாவது உட்புறம் பஞ்சுபோல் தூவி எழுப்பிய தடித்த துணி. அதில் 60% பருத்தி, 40% பொலியெஸ்டர்.

இரண்டாவது சுவெட்டரின் நாடாவில் ஒரே கலவை பல மொழிகளில் அச்சிடப்பட்டிருந்தது. இத்தகைய நாடாக்களைக் கண்டு பலர் மலைத்துப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நான்கைந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஆங்கிலத்தில் வுல் என்பது பிரெஞ்சில் லேன், ஜெர்மனில் வோல, இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் லானா. ஜெர்மனில் பௌம்வோல என்று நீண்டிருந்தால் அது பருத்தி. அதன் பின்பாதியில் வோல என்பது வருவதால் கம்பளி என்று நினைத்துவிடக் கூடாது. பொலியமைட் என்பது நமக்கு நன்கு தெரிந்த நைலோனுக்கு ஐரோப்பிய லேபல்களில் வழங்கும் பெயர்.

விழுக்காடு எதைக் குறிக்கிறது என்பதில்தான் அதிகமானோர் தவறு செய்கிறார்கள். அது எடையின் விழுக்காடு. மென்மையையோ சூட்டையோ அளப்பதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு 1007ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, கலவை நூல்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை இறங்குவரிசையில் எழுத வேண்டும். எழுதப்பட்ட அளவுக்கும் உண்மையான அளவுக்கும் இடையே 3 விழுக்காடு வரை உற்பத்தி வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. ஆகவே என் கையிலிருந்த இரண்டாவது சுவெட்டர் 350 கிராம் நிறுத்தால், அதில் ஏறத்தாழ 280 கிராம் கம்பளியும் 70 கிராம் நைலோனும் இருக்கின்றன என்று கொள்ளலாம். நூலின் பருமன், முறுக்கு, பின்னலின் நெருக்கம் ஆகியவற்றை நாடா சொல்லாது. அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தும், விரலால் இழுத்து விட்டால் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்தும்தான் அறிய வேண்டும்.

இனி, அந்தக் கலவை அம்மாவின் வீட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்க்கலாம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே குளிரோடு சேர்ந்து நாள் முழுவதும் விலகாத மூடுபனியும் ஈரமும் உண்டு. ஆகையால் ஒரு நூல் காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 20 பாகை வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதனும் உள்ள அறையில் 100 கிராம் உலர்ந்த கம்பளி சுமார் 15 கிராம் நீரை உள்ளே வைத்திருக்கும். பருத்தி சுமார் 8 கிராமும், அக்ரிலிக் ஒன்று அல்லது இரண்டு கிராமும், பொலியெஸ்டர் அரைக் கிராமுக்கும் குறைவாகவும் வைத்திருக்கும். காற்று முற்றாக ஈரத்தால் நிறைந்திருக்கும்போது கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை எடுத்துக்கொண்டும் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. அப்படியானால் அந்தச் சுவெட்டரில் உள்ள 280 கிராம் கம்பளி, பனிக்குள் நடந்து வரும்போது 80 கிராமுக்கு மேற்பட்ட நீரைத் தனக்குள் மறைத்துக்கொள்ள முடியும். அதோடு ஈரத்தை உள்வாங்கும் நேரத்தில் கம்பளி சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. அடுப்படியிலிருந்து வெளியே பனிக்குள் போகிறவருக்குச் சட்டென்று குளிர் ஏறாமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்ரிலிக் இதற்கு நேர்மாறானது. நூலுக்குள் ஈரம் போகாததால் நீர் நூல்களுக்கு இடையிலேயே நிற்கும். உடம்பு வியர்த்தால் தோலில் பிசுபிசுப்புத் தெரியும். ஆனால் அதே காரணத்தால் துவைத்தபின் விரைவில் காய்ந்துவிடும், எடையும் குறைவு, விலையும் குறைவு. பிள்ளைகளுக்கு, வாரம் இரண்டு முறை துவைக்க வேண்டிய பாடசாலைச் சுவெட்டருக்கு அக்ரிலிக்கையே நான் தயங்காமல் வாங்குவேன். கம்பளியை உண்ணும் அந்துப்பூச்சியின் புழு அக்ரிலிக்கை உணவாகக் கொள்வதில்லை என்பதும் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும் நம் வீடுகளில் ஒரு வசதிதான்.

மூன்றாவது சுவெட்டரின் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணி கையில் எடுத்தவுடன் மிகவும் மெத்தென்றிருந்தது. வெயில் அடிக்கும் ஊரில் அதுவே முதல் தெரிவாக இருக்கலாம். ஆனால் பருத்தி நீரை நன்றாக உறிஞ்சிக்கொண்டு எளிதில் விடாது. தடித்த துணியில், அதுவும் அக்குள், கழுத்து, இடுப்புப் பட்டி ஆகிய மடிந்த இடங்களில், ஈரம் நாட்கணக்கில் தங்கும். ஆடி மாத மழையில் இத்தகைய துணி வெளியே காய்ந்ததுபோல் தெரிந்து, உள்ளே ஒரு புளித்த வாசனை வருவதை மலையகத்தில் எல்லாரும் அறிவார்கள். 40 விழுக்காடு பொலியெஸ்டர் இந்தக் குறையை ஓரளவு குறைக்கிறது, நீக்குவதில்லை. இன்னொரு விடயத்தையும் பார்க்க வேண்டும். தேய்மானத்தில் மேற்பரப்பில் திரளும் சிறு உருண்டைகள் வெறும் பருத்தித் துணியில் சில காலத்தில் தாமாகவே உதிர்ந்துவிடும். பொலியெஸ்டர் கலந்தால் அந்த வலுவான இழைகள் உருண்டைகளைத் துணியோடு இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். கலவையை வாசிக்கத் தெரிந்தவர் ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தத் துணி எப்படித் தெரியும் என்பதைக் கடையிலேயே ஊகிக்கலாம்.

பராமரிப்புக் குறிகளுக்கு வருவோம். தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் என்ற ஐந்து உருவங்களும் முறையே துவைத்தல், வெளுத்தல், காயவைத்தல், தேய்த்தல், உலர்சலவை ஆகியவற்றைக் குறிக்கின்றன. தொட்டிக்குள் இருக்கும் எண் நீரின் அதிகபட்ச வெப்பம்; அந்தச் சூட்டில்தான் துவைக்க வேண்டும் என்ற கட்டளை அன்று. தொட்டிக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் மென்மையாகவும், இரண்டு கோடுகள் இருந்தால் மிக மென்மையாகவும் துவைக்க வேண்டும். இந்தக் குறிகள் எதையும் அந்த உடுப்பின் மிக வலுக்குறைந்த பகுதியை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். கலவையை வாசித்தால் உடுப்பு எப்படி நடக்கும் என்பது தெரியும். குறிகளை வாசித்தால் அது எங்கே உடையும் என்பது தெரியும். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் பார்ப்பதால்தான் நல்ல உடுப்புகள் வீணாகின்றன.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவதற்கு முன், உறவினர் ஒருவர் தந்த முழுக் கம்பளிச் சுவெட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் நாடாவில் தொட்டிக்குள் ஒரு கை வரையப்பட்டிருந்தது. அதைக் கையால் துவைத்தால் போதும் என்றே நான் புரிந்துகொண்டேன். ஒரு மழை நாளில் கைகள் விறைத்ததால் அடுப்பிலிருந்த சுடுநீரை வாளியில் ஊற்றி, சலவைச் சவர்க்காரம் போட்டு, கல்லில் வைத்துத் தேய்த்துத் துவைத்தேன். பிழிந்து விரித்தபோது அது எட்டு வயதுப் பிள்ளைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கி, பலகைபோல் தடித்து, தனித்தனிப் பின்னல் கண்கள் தெரியாமல் ஒரே படலமாகிவிட்டிருந்தது. இழுத்துப் பார்த்தும் பயனில்லை. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் இருக்கின்றன. சூடும் ஈரமும் உராய்வும் ஒன்றாகச் சேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. கையைக் காட்டும் அந்தக் குறி சூட்டைக் குறைப்பதற்காக மட்டுமன்றி, அசைவையும் உராய்வையும் குறைப்பதற்காகவும் போடப்படுகிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இந்த இடத்தில் அம்மாவின் பழக்கத்தை வைத்துப் பார்த்தேன். பீலித் தண்ணீர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அது கம்பளிக்கு ஏற்றது. கல்லில் அடித்துத் துவைப்பதுதான் ஆபத்து. காரம் மிகுந்த சலவைச் சவர்க்காரமும் ஆகாது. குளோரின் வெளுப்புத் திரவம் பட்டால் கம்பளி இழை கரைந்தே போகும். முக்கோணத்தின் மேல் போட்ட குறுக்குக்கோட்டைக் கம்பளி உடுப்பில் ஒருபோதும் மீறக் கூடாது. ஆகவே வாளியில் பீலித் தண்ணீரை எடுத்து, சிறிது ஷாம்பூ கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்து அமுக்கி எடுப்பதை அம்மா ஏற்றுக்கொள்வாரா என்பதே இரண்டாவது சுவெட்டருக்கு இருந்த ஒரே பெரிய கேள்வி. அதன் நாடாவில் சதுரத்துக்குள் ஒரு படுக்கைக்கோடும் இருந்தது. கயிற்றில் தொங்கவிடாமல் சமதளத்தில் விரித்துக் காயவைக்க வேண்டும் என்பது அதன் பொருள். நீரேறிய கம்பளி தன் பாரத்தாலேயே நீண்டு தோள்பட்டை இறங்கிவிடும். சதுரத்துக்குள் செங்குத்துக்கோடு இருந்திருந்தால் தொங்கவிடலாம்.

அக்ரிலிக் சுவெட்டரின் நாடாவில் 30 என்ற எண்ணுள்ள தொட்டியும் இஸ்திரிப்பெட்டிக்குள் ஒரே ஒரு புள்ளியும் இருந்தன. ஒரு புள்ளி என்றால் ஏறத்தாழ 110 பாகைக்கு மேல் போகக் கூடாது. கம்பளிச் சுவெட்டரில் இருந்த இரண்டு புள்ளிகள் 150 வரை அனுமதிக்கின்றன. அக்ரிலிக் ஏன் இவ்வளவு சூட்டுக்குப் பயப்படுகிறது என்றால், சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்த இழை இளகி, பின்னலின் துள்ளலை இழந்துவிடும். நீராவி இஸ்திரி பட்ட அக்ரிலிக் கைப்பட்டி தொளதொளத்துத் தொங்குவதைப் பரிசோதனை மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். மறுபடி துவைத்தாலும் அது பழைய நிலைக்கு வராது. அம்மா சுவெட்டரை இஸ்திரி போடுவதில்லை. ஆனால் அடுப்புக்கு மேலே கயிற்றில் ஈரமாகப் போடுவார்; கீழே நெருப்பு எரியும்; அரிசிப் பானையிலிருந்து ஆவி எழும். ஒரு புள்ளியுள்ள உடுப்புக்கு அந்தக் கயிறு நல்ல இடமன்று.

இதைவிட முக்கியமானது, நாடாவில் எந்தக் குறியும் எச்சரிக்காத நெருப்பு. அக்ரிலிக் எளிதில் தீப்பற்றும். எரியும்போது உருகித் தோலில் ஒட்டும். பருத்தியின் பஞ்சுபோன்ற தூவிய பரப்பில் தீ விரைவாகப் படரும். அதில் பொலியெஸ்டரும் கலந்திருந்தால், தனியே இருந்திருந்தால் உருகி விலகியிருக்கக் கூடிய பொலியெஸ்டரைக் கருகும் பருத்தி தாங்கிப் பிடித்து எரியவைக்கும். கம்பளி கடினமாகத்தான் தீப்பற்றும். பொறி பட்டால் மயிர் கருகும் நாற்றத்தோடு சுருண்டு, பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும். அதில் கலந்த 20 விழுக்காடு நைலோன் உருகக் கூடியதுதான். அது முழங்கையிலும் கைப்பட்டியிலும் தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் சேர்க்கப்பட்டது. எண்பது பங்கு கம்பளி சூழ்ந்திருக்கையில் அந்த அளவு எனக்கு அச்சம் தரவில்லை. விறகு அடுப்பின் முன் தினமும் குனிந்து ஊதும் ஒருவருக்கு உடுப்பு தெரிவு செய்கையில் இந்த வேறுபாட்டை நான் விலையைவிடப் பெரிதாகவே கருதினேன்.

கடைக்காரர் இதற்கிடையில் நான்காவதாக ஒன்றைக் காட்டினார். அதில் 85% அக்ரிலிக், 15% கம்பளி என்றிருந்தது. குறிகளில் கையால் துவைக்கும் தொட்டி. இத்தகைய கலவையைப் பார்த்துக் கம்பளியும் இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்குகிறவர்கள் பலர். பதினைந்து பங்கு கம்பளி தொடுகையில் சற்று மாறுதலைத் தரும். ஈரத்திலும் நெருப்பிலும் அந்தச் சுவெட்டர் அக்ரிலிக்காகவே நடந்துகொள்ளும். துவைப்பதில் மட்டும் கம்பளியின் கட்டுப்பாட்டைச் சுமக்கும். இரண்டு நூல்களின் குறைகளையும் வாங்கிக்கொண்டு ஒன்றின் நன்மையை மட்டும் பெறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நாடா முழுதும் வெட்டப்பட்டிருந்தால் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உள்தையலிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சியைக் காட்ட வேண்டும். மயிர் கருகும் நாற்றமும் விரலில் நொறுங்கும் கரிய சாம்பலும் வந்தால் கம்பளி. கடதாசி எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கடினமான கரிய மணி திரண்டால் செயற்கை இழை. கலவை நூலில் இரண்டு அடையாளங்களும் கலந்தே வரும். எத்தனை விழுக்காடு என்பதை இதனால் சொல்ல முடியாது. தையல் நூலைத் தவறாக எடுத்துவிட்டால் சோதனை முழுவதும் பொய்யாகிவிடும், ஏனென்றால் அது பெரும்பாலும் பொலியெஸ்டர்.

கம்பளிச் சுவெட்டரையே வாங்கினேன். அதன் விலை அக்ரிலிக்கைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். "கம்பளின்னா கழுத்துல குத்துமே புள்ள" என்று அம்மா முதலில் தயங்கினார். அது நியாயமான பேச்சுதான். தடித்த கம்பளி இழையின் முனை தோலைக் குத்தும், இழையின் பருமனை நாடா சொல்வதுமில்லை. கடையிலேயே கழுத்துப் பட்டியை என் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்திருந்தேன். உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டுக்கொண்டால் சரியாகும் என்றேன், அப்படியே போட்டுக்கொள்கிறார்.

துவைப்பதற்கு முன் மார்பின் குறுக்களவை அளந்து வைத்தேன்: 52 சென்ரிமீற்றர். முதல் முறை நானே பீலித் தண்ணீரில் அமுக்கித் துவைத்து, துவாயில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, இரண்டு கதிரைகளுக்கு மேல் விரித்த சுத்தமான கொழுந்துச் சாக்கில் பரப்பினேன். மழை நாளாக இருந்தும் இரண்டாம் நாள் மாலைக்குள் காய்ந்துவிட்டது. அளந்தபோது 51 இருந்தது. அதே நாள் துவைத்த என் மகளின் அக்ரிலிக் சுவெட்டர் கொடியில் மறுநாள் மத்தியானமே காய்ந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில வாரங்களில் அந்த நாடா இடுப்பில் உறுத்துகிறதென்று அம்மா கத்தரியை எடுத்தார். நான் அதை அடியோடு வெட்டவிடாமல் தையலைப் பிரித்தெடுத்து, கீழ்ப்பட்டியின் உள்பக்கத்தில், தோலில் படாத இடத்தில், நான்கு ஓரமும் படியத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை துவைக்கப்போவது பக்கத்து லயத்தில் இருக்கும் தங்கச்சி மகள். அவள் அந்தத் தொட்டிக்குள் இருக்கும் கையைப் பார்க்க வேண்டும்.